சுழலும் பதிவுகள் அடிக்கடி திரும்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒருமுறை கவனமாக எழுதிவிட்டால் ஆண்டுக்கணக்கில் பயன்தரும் பதிவுகளை ஒரு வரிசையில் இட்டு, வாரத்திற்குச் சில வீதம் மீண்டும் மீண்டும் வெளியிடும் வழக்கம் சிறிய பக்கங்களை நடத்துபவர்களிடம் பரவலாக உள்ளது. இந்த ஏற்பாட்டில் எழும் குறைகளில் பெரும்பாலானவை எழுத்தின் தரத்தால் வருவதில்லை. எந்தப் பதிவு எப்போது திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கில் உள்ள பிழையால்தான் அவை வருகின்றன. அந்தப் பிழைகளை வெளியே தெரியும் அறிகுறியிலிருந்து தேடிப்பிடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக மாடித்தோட்டத்திற்கான நாட்டு விதைகளை விற்கும் ஒரு பக்கத்தை வைத்துக்கொள்வோம். அதன் வரிசையில் 60 பதிவுகள் உள்ளன. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என வாரம் 4 பதிவுகள் ஃபேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் வெளியாகின்றன. வரிசை ஒரு கூகுள் ஷீட்ஸ் கோப்பில் இருக்கிறது. A நிரலில் பதிவின் எண், B நிரலில் அதன் கரு (பூச்சி விரட்டி, மண் கலவை, விதை நேர்த்தி என்பது போல), C நிரலில் வாசகம், D நிரலில் அது கடைசியாக வெளியான நாள், E மற்றும் F நிரல்களில் அதை வெளியிடத் தகுந்த தொடக்க மாதமும் முடிவு மாதமும் எண்களாக உள்ளன. ஆண்டு முழுவதும் பொருந்தும் பதிவுக்கு E-யில் 1, F-இல் 12. கட்டணச் செயலிகளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே நிரல்கள் வேறு பெயர்களில் உள்ளே இருக்கும் என்பதால், காரணங்கள் மாறுவதில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

D நிரல் கடைசி நாளை மட்டுமே காட்டும். அதற்கு முந்தைய நாள் அழிந்துபோயிருக்கும். ஆகவே ஒரு பதிவு எத்தனை நாளில் திரும்பியது என்பதை அந்த நிரலிலிருந்து அறிய முடியாது. தனியாக ஒரு தாளில், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வரி வீதம், A-யில் நாளும் B-யில் பதிவின் எண்ணும் மட்டும் கொண்ட ஏடு ஒன்றைத் தொடங்குங்கள். அதில் எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. அடியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதுவரை ஏடு இல்லையென்றால், பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்துக் கடந்த மூன்று மாத வெளியீடுகளைக் கையால் நிரப்பிக்கொள்ளலாம். ஏட்டின் C நிரலில் பின்வரும் வாய்பாட்டை இட்டால், அந்தப் பதிவு முந்தைய முறை வெளியானதிலிருந்து எத்தனை நாள் கழிந்தன என்பது தெரியும்.

```
=A2-MAXIFS(A$2:A, B$2:B, B2, A$2:A, "<"&A2)
```

முதல் முறையாக வெளியான பதிவுக்கு இது நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட ஒரு பெரிய எண்ணைக் காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். மற்ற எண்களில் மிகச் சிறியது எது என்று பாருங்கள். சராசரி இடைவெளியைப் பார்த்து நிறைவடைவதுதான் இத்துறையில் நான் அதிகம் காணும் தவறு. சராசரி 60 நாளாக இருக்கும்போதே ஒரு பதிவு 5 நாளில் திரும்பியிருக்கக்கூடும். வாசகர் நினைவில் வைத்திருப்பதும் குறிப்பிடுவதும் அந்த ஒன்றைத்தான்.

அறிகுறி: “போன மாதம்தானே இதைப் போட்டீர்கள்” என்று வாசகர்கள் எழுதுகிறார்கள்

60 பதிவுகளை வாரத்திற்கு 4 வீதம் வெளியிட்டால் ஒரு சுற்று முடிய 15 வாரம், அதாவது 105 நாள் ஆக வேண்டும். அப்படியிருந்தும் இந்தப் புகார் வருகிறதென்றால், இரண்டு காரணங்களைச் சோதிக்க வேண்டும்.

முதற்காரணம், கணக்கில் எடுத்துக்கொண்ட பதிவுகள் எல்லாமே அந்த நேரத்தில் செயலில் இருப்பதில்லை என்பது. விதைப் பக்கத்தில் ஆடிப்பட்டத்திற்கு உரியவை, தைப்பட்டத்திற்கு உரியவை, வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகளைக் காப்பது பற்றியவை, கோடையில் நிழல்வலை கட்டுவது பற்றியவை எனப் பருவம் சார்ந்த பதிவுகள் பல இருக்கும். ஒரு குறிப்பிட்ட மாதத்தில் அவற்றில் 24 மூடியிருந்தால், சுழல்வது 36 மட்டுமே. 36-ஐ 4-ஆல் வகுத்தால் 9 வாரம், அதாவது 63 நாள். தாளில் 105 என்று நம்பிக்கொண்டிருந்த இடைவெளி உண்மையில் 63 ஆகச் சுருங்கியிருக்கிறது. எனவே சுற்றின் நீளத்தைக் கணக்கிடும்போது மொத்த வரிகளை எண்ணாமல், ஆண்டிலேயே மிகக் குறைவான பதிவுகள் திறந்திருக்கும் மாதத்தை எடுத்துக்கொண்டு எண்ண வேண்டும். அந்த எண் போதவில்லையென்றால் பருவம் சாராத பதிவுகளைக் கூடுதலாக எழுதலாம், அல்லது அந்த மாதத்தில் மட்டும் வாரத்திற்கு 3 எனக் குறைக்கலாம். இரண்டாவதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். அவசரத்தில் எழுதிச் சேர்க்கும் பதிவு பெரும்பாலும் இருப்பதையே வேறு சொற்களில் சொல்வதாக முடிகிறது.

இரண்டாவது காரணம், ஒவ்வொரு முறையும் முழு வரிசையிலிருந்தும் குலுக்கல் முறையில் ஒன்றை எடுப்பது. 36 பதிவுகளில் ஒன்றை எடுத்து வெளியிட்டுவிட்டு, அடுத்த முறை மறுபடியும் 36-இலிருந்தும் குலுக்கினால், முன்பு வந்தது உடனே வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டே வாரத்தில், 8 வெளியீடுகளுக்குள், ஏதேனும் ஒரு பதிவு இருமுறை வருவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 57 வாய்ப்பு உள்ளது. ஏட்டின் C நிரலில் 2, 5, 9 போன்ற சிறிய எண்களும் 150, 200 போன்ற பெரிய எண்களும் கலந்து கிடந்தால் இதுதான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளலாம். சிலர் இதைத் தவிர்க்க, எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை கலைத்து அடுக்கி, அந்த அடுக்கு தீர்ந்த பின் மீண்டும் கலைக்கிறார்கள். அது மேலான முறைதான். ஆனால் ஒரு சுற்றில் கடைசியாக வந்த பதிவு அடுத்த சுற்றில் முதலாவதாக வந்துவிடலாம். சிறிய எண்கள் ஏட்டில் சுற்று மாறும் வாரத்தில் மட்டும் தென்பட்டால், பிழை அங்கே இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே தீர்வு, பதிவுக்கு ஓய்வுக்காலம் விதிப்பது. ஓய்வுக்காலம் முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, மிகப் பழையது மேலே வருமாறு அடுக்கி, மேலே உள்ள 6 பதிவுகளுக்குள் ஒன்றைக் குலுக்கி எடுக்க வேண்டும். ஓய்வுக்காலமாக, மேலே கணக்கிட்ட குறுகிய சுற்றின் மூன்றில் இரண்டு பங்கை வைக்கலாம். 63 நாளுக்கு அது 42 நாள். 42 நாளில் 24 பதிவுகள் வெளியாகியிருக்கும்; 36-இல் அவை போக 12 எப்போதும் கையிருப்பில் இருக்கும். பழைய 6-க்குள் எடுப்பதால், எந்தப் பதிவும் குலுக்கலில் அகப்படாமல் மாதக்கணக்கில் தங்கிவிடாது.

அறிகுறி: சில பதிவுகள் சில நாளிலேயே திரும்புகின்றன, வேறு சில திரும்புவதே இல்லை

ஓய்வுக்காலம் விதித்த பிறகும் இப்படி நடந்தால், D நிரலில் உள்ள நாள்கள் நாள்களாகப் பதிவாகவில்லை என்று முதலில் ஐயப்படுங்கள். இந்தப் பிழை வெளியே தெரியாமல் நெடுங்காலம் ஒளிந்திருக்கக்கூடியது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாம் ஜூன் 5-ஐ 05/06/2025 என்று எழுதுகிறோம். கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு உரியதாக இருந்தால், ஷீட்ஸ் முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொண்டு அதை மே 6 என்று படிக்கும். திரையில் நாம் தட்டிய எண்களே தெரிவதால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் புலப்படாது. ஆனால் அந்தப் பதிவு 30 நாள் கூடுதலாக ஓய்வெடுத்துவிட்டதாகக் கணக்கில் ஏறுகிறது. மே 6-இலிருந்து 42 நாள் என்பது ஜூன் 17 ஆகையால், அது உண்மையில் 12 நாளில் மீண்டும் தகுதி பெற்றுவிடும். டிசம்பர் 7 இன்னும் மோசமானது. அது ஜூலை 12 என்று படிக்கப்படுவதால், வெளியான மறுகணமே வரிசையின் மிகப் பழைய பதிவாகி, அடுத்த முறையே திரும்பி வரக்கூடும்.

மாதத்தின் 13-ஆம் நாளிலிருந்து வேறு விதமான கேடு நேர்கிறது. 20/06/2025 என்பதில் 20 ஒரு மாதமாக இருக்க முடியாது. ஆகவே ஷீட்ஸ் அதை நாளாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கருதப்படுவதால், “42 நாளுக்கு முன் வெளியானவை” என்ற வடிகட்டியில் அந்த வரி ஒருபோதும் தேறாது. அடுக்கும்போதும் அது எல்லாவற்றுக்கும் கீழே போய்விடும். விளைவாக, மாதத்தின் முற்பாதியில் வெளியானவற்றில் சில விரைந்து சுழல, பிற்பாதியில் வெளியானவை ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து மறைந்துகொண்டே போகும். மறையும் பதிவுகளால் சுற்று மேலும் சுருங்குவதால் புகார் நாளுக்கு நாள் கூடும்.

உறுதி செய்ய, காலியான ஒரு நிரலில் `=ISNUMBER(D2)` என்று இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். `FALSE` வரும் வரிகள் எழுத்தாகத் தங்கிவிட்டவை. `TRUE` வரும் வரிகளும் சரியானவை என்று கொள்ளக்கூடாது. `=TEXT(D2,"yyyy-mm-dd")` என்று கேட்டு, அது காட்டும் மாதம் உண்மையான மாதம்தானா என்று சில வரிகளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருத்தும்போது, `File` → `Settings` → `Locale` என்ற இடத்தில் `India` என்று மாற்ற வேண்டும். இந்த மாற்றம் இனித் தட்டப்போகும் நாள்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே மே 6 என்று பதிந்துவிட்ட நாள் மே 6-ஆகவே இருக்கும். எழுத்தாகத் தங்கியதும் எழுத்தாகவே இருக்கும். அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஏட்டையும் இதே கோப்பில் தட்டியிருந்தால் அதிலும் இதே பிழை இருக்கும் என்பதால், ஏட்டைப் பார்த்துத் திருத்தாமல், பக்கத்தில் அப்பதிவின் மேல் காணும் நாளைப் பார்த்துத் திருத்துங்கள். இனிமேல் 2025-06-05 என்ற வடிவில் ஆண்டை முதலில் எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டால், எந்த வட்டார அமைப்பிலும் குழப்பம் வராது.

அறிகுறி: ஏட்டின்படி எதுவும் திரும்பவில்லை, ஆனால் வாசகர் திரும்பியதாகச் சொல்கிறார்

வாசகர் சொல்வதை நம்புங்கள். எண் 14 “வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிக்கும் முறை”, எண் 31 “மாவுப்பூச்சியை விரட்ட எளிய வழி”, எண் 52 “செம்பருத்தி இலை சுருண்டால் என்ன செய்வது” என்று மூன்று தனித்தனி வரிகள் இருக்கலாம். மூன்றுமே ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கச் சொல்கின்றன என்றால், படிப்பவருக்கு அவை ஒரே பதிவுதான். எண் வேறு என்பது கோப்புக்கு மட்டுமே தெரியும். டெலிகிராமில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே சேனலை மேலே தள்ளினால் எல்லாப் பதிவுகளும் அடுத்தடுத்து நிற்கும், நடுவில் பிறருடைய பதிவுகள் வந்து மறைப்பதில்லை. ஃபேஸ்புக்கில் வராத புகார் டெலிகிராமில் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கருவை எழுதும் B நிரல் இதற்காகத்தான். பதிவின் தலைப்பைப் பார்த்து அதை நிரப்பக்கூடாது. படித்து முடித்தவர் கையில் எதை எடுத்துச் செய்வார் என்று கேட்டு நிரப்ப வேண்டும். மேலே சொன்ன மூன்றுக்கும் “வேப்பெண்ணெய்” என்பதே கரு. பிறகு H நிரலில், அக்கருவில் எந்தப் பதிவாவது கடைசியாக வெளியான நாளைக் கண்டுகொள்ளலாம்.

```
=MAXIFS(D$2:D, B$2:B, B2)
```

கருவுக்கு 14 நாள் ஓய்வு போதும் என்பது என் கருத்து. 14 நாளில் 8 வெளியீடுகள் நடக்கின்றன. அந்த 8-உம் வெவ்வேறு கருக்களாக இருந்தாக வேண்டும் என்பதால், எந்த மாதத்திலும் குறைந்தது 8 கருக்களாவது திறந்திருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. ஒரு கருவில் 14 நாளுக்கு ஒன்றுதான் போகும் என்றால், 63 நாள் சுற்றுக்குள் அக்கருவில் 4 பதிவுகளுக்கு மட்டுமே இடம் உள்ளது. வேப்பெண்ணெய் பற்றி 7 பதிவுகள் வைத்திருந்தால் அவை 98 நாளுக்கு ஒருமுறைதான் வரும். அந்த நிலையில் ஏழையும் படித்துப் பார்த்து, தெளிவான நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

இதுவரை சொன்னவற்றைச் சேர்த்து, வெளியிடத் தகுதியுள்ள பதிவுகளின் பட்டியலை J2 கட்டத்தில் இப்படிப் பெறலாம். இதில் வரும் G நிரலைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

```
=SORT(FILTER(A2:D, A2:A<>"", G2:G=TRUE,
  D2:D<=TODAY()-42, H2:H<=TODAY()-14), 4, TRUE)
```

இப்பட்டியலின் முதல் 6 வரிகளுக்குள் ஒன்றை எடுக்க `RANDBETWEEN(1,6)` பயன்படுத்தலாம். ஆனால் கோப்பில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது புதிய எண்ணைக் கொடுக்கும்; நீங்கள் சரிபார்த்த பதிவு ஒன்றும் வெளியிட்ட பதிவு வேறொன்றுமாக ஆகிவிடலாம். எண் வந்தவுடன் பதிவின் எண்ணைத் தனியே தட்டி நிலைப்படுத்திய பிறகுதான் அடுத்த வேலையைத் தொட வேண்டும்.

அறிகுறி: வரிசை சில வாரம் ஓடிவிட்டுத் திடீரென்று நின்றுவிடுகிறது

பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் `#N/A` தெரிந்தால், தகுதியுள்ள பதிவு ஒன்றுகூட இல்லை என்று பொருள். கட்டணச் செயலிகளில் இதற்கு எச்சரிக்கை வரும் என்று எண்ணியிருக்க வேண்டாம். எதுவும் வெளியாகாமல் அமைதியாக இருந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு புகாருக்குப் பிறகு ஓய்வுக்காலத்தை மிகுதியாக உயர்த்தியதால்தான் இது நேர்கிறது. 36 பதிவுகள் செயலில் இருக்கும்போது ஓய்வுக்காலத்தை 90 நாள் என்று வைத்தால், 9 வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். முதற்பதிவு தகுதி பெற 90-ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஏறத்தாழ 4 வாரம் பக்கத்தில் எதுவும் வராது. ஓய்வுக்காலம் எப்போதும் செயலில் உள்ள பதிவுகளால் கிடைக்கும் சுற்றைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 90 நாள் ஓய்வுதான் வேண்டும் என்று விரும்பினால், அதே மூன்றில் இரண்டு பங்குக் கணக்கின்படி சுற்று 135 நாளாக வேண்டும். வாரம் 4 வீதம் அதற்கு ஏறத்தாழ 77 பதிவுகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

வரிசை ஆண்டின் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் மெலிந்துபோகிறது, அல்லது குளிர்காலப் பதிவுகள் மட்டும் வருவதே இல்லை என்றால், மாதக் கணக்கைப் பாருங்கள். மார்கழிப் பனியில் கொடிவகைகளில் பரவும் சாம்பல் நோய் பற்றிய பதிவுக்குத் தொடக்க மாதம் 12, முடிவு மாதம் 1. “இந்த மாதம் 12-க்குக் குறையாமலும் 1-ஐ மிகாமலும் இருக்க வேண்டும்” என்ற நிபந்தனையை எந்த மாதமும் நிறைவேற்றாது. ஆண்டைத் தாண்டிச் செல்லும் பருவத்திற்குத் தனி வழி வேண்டும் என்பதால், G நிரல் இப்படி அமைய வேண்டும்.

```
=IF(E2<=F2,
 AND(MONTH(TODAY())>=E2, MONTH(TODAY())<=F2),
 OR(MONTH(TODAY())>=E2, MONTH(TODAY())<=F2))
```

பருவப் பதிவுகளில் இன்னொரு நுட்பமும் உள்ளது. ஆடிப்பட்டப் பதிவுகளை ஜூலை, ஆகஸ்ட் என்று மட்டும் திறந்து வைத்தால், 42 நாள் ஓய்வில் ஒவ்வொன்றும் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறைதான் வரும். மேலும், ஓராண்டாக மூடியிருந்த பதிவுகள் திறந்தவுடன் எல்லாவற்றிலும் பழையவையாக மேலே வந்து, முதல் சில வாரங்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும். விதைப் பக்கத்திற்கு அது விரும்பத்தக்கதே. ஆடி பிறந்தபின் வாசகருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் மண் தயாரிப்பு பற்றியவை விதைப்பு பற்றியவற்றுக்கு முன் வர வேண்டுமானால், முன்னதை ஜூன் மாதத்திலேயே திறந்துவிடுவது நலம்.

அறிகுறி: ஒரு பதிவு எப்போதும் அதே கிழமையில்தான் வருகிறது

குலுக்கல் இல்லாமல், மிகப் பழையது அடுத்து என்று கண்டிப்பாக ஓடும் வரிசைகளில் இது நேரும். 36 என்பது 4-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே திங்களன்று வந்த பதிவு 9 வாரம் கழித்து மீண்டும் திங்களன்றே வரும். அதற்கு அடுத்த சுற்றிலும் அப்படியே. ஞாயிறு காலையில் மட்டும் பக்கம் பார்க்கும் வாசகர் ஒருவர், 36 பதிவுகளில் 9 பதிவுகளை மட்டுமே மீண்டும் மீண்டும் காண்பார். அவருக்கு அது 9 பதிவுகள் கொண்ட வரிசை. இடைவெளியைக் காட்டும் ஏட்டில் எல்லா எண்ணும் 63 என்று சீராக இருக்கும் என்பதால் இதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. உண்மையில் அந்த மிகையான சீர்மைதான் அறிகுறி.

பழைய 6-க்குள் குலுக்கி எடுக்கும் முறைக்கு மாறினால் இது தானாகவே கலைந்துவிடும். அதற்கு இடம்தராத செயலியாக இருந்தால், ஒரே ஒரு பதிவைச் சேர்த்து 37 ஆக்குங்கள், அல்லது ஒன்றை நீக்கி 35 ஆக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பதிவு ஒரு கிழமை நகர்ந்து வரும். ஒரு நாளில் ஒன்று வீதம் வாரம் 7 வெளியிடுபவர்கள், பதிவுகளின் எண்ணிக்கை 7-இன் மடங்காக அமையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: புதிய பதிவுகளைச் சேர்த்ததும் அவை மட்டுமே தொடர்ந்து வருகின்றன

புதிய வரியில் D நிரல் காலியாக இருக்கும். காலிக்கட்டம் ஒப்பீட்டில் சுழியமாகக் கொள்ளப்படும்; அடுக்கும்போதும் அப்படியே கொள்ளும் செயலிகளில், புதிய பதிவுதான் எல்லாவற்றிலும் பழையதாகக் கருதப்படும். 10 பதிவுகளை ஒரே நாளில் எழுதிச் சேர்த்தால், அடுத்த இரண்டரை வாரம் அவையே வரும். அதைவிடக் கவலைக்குரியது, அவை பிறகும் ஒரு கூட்டமாகவே சுழலும் என்பதுதான். ஒரே அமர்வில் எழுதப்பட்டவை நடையிலும் பொருளிலும் ஒத்திருக்கும் என்பதால் அந்தக் கூட்டம் வாசகருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே புதியவற்றின் D நிரலில் கற்பனையான முந்தைய நாள்களை இட்டுப் பரப்பிவிடுங்கள். முதலாவதற்கு இன்றிலிருந்து 63 நாளுக்கு முந்தைய நாள், அடுத்ததற்கு 56, அடுத்ததற்கு 49 என்று ஏழேழாகக் குறைத்தால், பத்தாவதற்கு இன்றைய நாள் வரும். இப்போது அவை வாரத்திற்கு ஒன்று என்ற அளவில் பழையவற்றுக்கு இடையே கலந்து வெளியாகும். வரிசை 46 ஆகிவிட்டதால் சுற்று பதினொன்றரை வாரமாக நீளும். ஓய்வுக்காலத்தையும் 42-இலிருந்து 53 வரை உயர்த்திக்கொள்ளலாம். இந்தக் கற்பனை நாள்களை D நிரலில் மட்டுமே இட வேண்டும், ஏட்டில் எழுதக்கூடாது.

பழைய பதிவைத் திருத்தும்போது சில செயலிகள் அதைப் புதியதாகக் கருதி வரிசையின் முன்னே கொண்டுவருவதும் உண்டு. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திய மறுநாளே அப்பதிவு மீண்டும் வெளியானால் இதுவே காரணம். திருத்தங்களை அப்பதிவு அடுத்து வரவிருக்கும் வாரத்தில் செய்வதே அதற்குப் பாதுகாப்பான வழி.

அறிகுறி: ஒரே பதிவு ஒரே நாளில் இருமுறை வெளியாகிறது

இது சுழற்சிக் கணக்கின் பிழை அன்று. வெளியிடும் செயலும் D நிரலில் நாளைக் குறிக்கும் செயலும் தனித்தனியாக நடக்கின்றன; முதலாவது நடந்து, இணைப்புத் தடையால் இரண்டாவது நடக்காமல் போனால், நிரலின் பார்வையில் அப்பதிவு இன்னும் வெளியாகவில்லை. மறுமுயற்சியில் அதுவே மீண்டும் போகும். நாளை முதலில் குறித்துவிட்டு அதன் பிறகு வெளியிடும்படி வரிசையை மாற்றுங்கள். அப்போது தடை ஏற்பட்டால் ஒரு பதிவு வெளியாகாமல் தவறும். அது அடுத்த சுற்றில் வந்துவிடும், எவருக்கும் தெரியாது. இரட்டிப்பாக வருவது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தை இருவர் நடத்தினால், ஒருவர் கைப்பேசியிலிருந்து நேரடியாக வெளியிட்டதை மற்றவர் அறியாமல் இருப்பதும் இதே விளைவைத் தரும். நேரடியாக வெளியிடுவதானாலும் முதலில் D நிரலையும் ஏட்டையும் தொட்டுவிட்டு வெளியிட வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு தீர்வு இல்லை.

அறிகுறி: எக்ஸ் தளம் பதிவை ஏற்க மறுக்கிறது

அதே வரிசையை எக்ஸ் தளத்திற்கும் அனுப்புபவர்கள், `You are not allowed to create a Tweet with duplicate content` என்ற செய்தியைக் காணக்கூடும். ட்விட்டர் என்ற பெயரில் இயங்கிய 2018-இலேயே, ஒரே வாசகத்தையோ பெரிதும் ஒத்த வாசகத்தையோ தானியங்கி முறையில் திரும்பத் திரும்ப வெளியிடுவதை அத்தளம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வாசகத்தின் இறுதியில் ஒரு புள்ளியையோ குறியையோ சேர்த்து அனுப்பினால் மறுப்பு நீங்கலாம். ஆனால் விதி ஒத்த வாசகங்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது என்பதால் கணக்குக்கு உள்ள இடர் அப்படியே இருக்கும், வாசகருக்கும் அதனால் பயன் இல்லை.

முறையான தீர்வு, ஒவ்வொரு பதிவுக்கும் உண்மையிலேயே வேறுபட்ட 3 வாசகங்களை எழுதி, முறைவைத்து வெளியிடுவதுதான். வேப்பெண்ணெய்ப் பதிவில் ஒன்று கலக்கும் அளவைச் சொல்லலாம்; இன்னொன்று வெயிலில் தெளித்தால் இலை கருகுவதைச் சொல்லலாம்; மூன்றாவது மாவுப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் இருக்கும் என்பதால் அங்கே நனையும்படி தெளிக்கச் சொல்லலாம். இவ்வாறு செய்தால் கரு 63 நாளில் திரும்பினாலும், அதே சொற்கள் திரும்ப 189 நாள் ஆகும். எல்லாவற்றுக்கும் மூன்று எழுத நேரம் இல்லையென்றால், ஏட்டில் மிகச் சிறிய இடைவெளிகளைக் காட்டும் பதிவுகளுக்கு முதலில் எழுதுங்கள். மூன்று வாசகங்களில் எந்த முறை எது வெளியானது என்று தெரியும்படி, ஏட்டின் D நிரலில் 1, 2, 3 என்று அதன் எண்ணையும் குறித்து வர வேண்டும்.